20,000 ரூபாய் வைப்பு, நான்கு விடைகள்: போட்டோவில் வந்த பணப் பெருக்கிக் கணக்கைப் போடும் முறை

பணப் பெருக்கிக் கணக்கில் வாய்பாடு தெரியாமல் மதிப்பெண் இழப்பவர்கள் மிகக் குறைவு. 1-ஐ இருப்பு விகிதத்தால் வகுக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் மனப்பாடம். வகுத்து வந்த எண்ணை எதோடு பெருக்குவது, பெருக்கி வந்ததிலிருந்து எதைக் கழிப்பது என்ற இடத்தில்தான் விடை தப்பிப் போகிறது. ஒரே அட்டவணையை வைத்துக்கொண்டு சுழியம், 17,500, 1,40,000, 1,60,000 என நான்கு விடைகள் எழுத முடியும். நான்குமே சரிதான், ஆனால் வெவ்வேறு கேள்விகளுக்கு. வினாத்தாள் கையில் இல்லாமல் வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான போட்டோவாக இருந்தால், கணக்குக்கு முன்னாலேயே இன்னொரு வேலை சேர்ந்துகொள்கிறது.

பிளஸ் டூ, பி.காம்., வங்கித் தேர்வுப் பயிற்சித் தாள்களில் வரும் மாதிரியில் ஒரு கணக்கை எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசிக் கேள்வி வரை போட்டுப் பார்ப்போம். ஒரு வணிக வங்கியின் இருப்புநிலைக் குறிப்பு இப்படித் தரப்பட்டிருக்கிறது. தொகைகள் ரூபாயில், சட்டப்படியான இருப்பு விகிதம் 12.5%.

| பொறுப்புகள் | தொகை | சொத்துகள் | தொகை |
|---|---|---|---|
| கேட்பு வைப்புகள் | 8,00,000 | ரொக்க இருப்பு | 1,40,000 |
| பங்கு முதல் | 1,00,000 | அரசுப் பத்திரங்கள் | 1,60,000 |
| | | கடன்கள் | 6,00,000 |
| மொத்தம் | 9,00,000 | மொத்தம் | 9,00,000 |

போட்டோவில் உள்ள எண்களை முதலில் உறுதி செய்யுங்கள்

பேனாவை எடுப்பதற்கு முன் அட்டவணையை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போட்டோவைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டால் 6-ம் 8-ம் மாறிப்போகும். எழுதியதும் இரண்டு பக்கத்தையும் கூட்டுங்கள். இருப்புநிலைக் குறிப்பில் சொத்தும் பொறுப்பும் சமமாக இருந்தே தீரவேண்டும் என்பதால், மங்கிப்போன எண்ணை மீட்க இதைவிட நல்ல வழி கிடையாது. கடன்கள் என்ற வரியில் முதல் இலக்கம் 5-ஆ 6-ஆ 8-ஆ என்று தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பொறுப்புகள் பக்கம் 9,00,000. சொத்துகளில் தெளிவாகத் தெரிவது 1,40,000-ம் 1,60,000-ம் சேர்ந்து 3,00,000. ஆக மீதி 6,00,000 தவிர வேறெதுவாகவும் இருக்க முடியாது. இரண்டு எண்கள் ஒரே நேரத்தில் மங்கியிருந்தால் இந்த வழி உதவாது. அனுப்பியவரிடம் மறுபடி எடுத்து அனுப்பச் சொல்வதுதான் முறை.

விகிதத்தைக் கண்டுபிடிப்பது இதைவிடக் கடினம், ஏனென்றால் கூட்டிச் சரிபார்க்க அதற்குத் துணை எண் எதுவும் இல்லை. 12.5% என்பதில் புள்ளி காணாமல் போனால் 125% ஆகிறது. வைப்பைவிட இருப்பு அதிகம் என்று எந்தத் தாளும் கேட்காது, எனவே அது உடனே பிடிபடும். 12.5-ஆ 1.25-ஆ என்ற குழப்பம்தான் ஆபத்தானது. இங்கே ஒரு நடைமுறைத் தந்திரம் உண்டு. கணக்கு உருவாக்குபவர்கள் பெரும்பாலும் பெருக்கி முழு எண்ணாக வரும்படி விகிதத்தைத் தேர்ந்தெடுப்பார்கள்: 5%, 10%, 12.5%, 20%, 25%. இவற்றுக்குப் பெருக்கி முறையே 20, 10, 8, 5, 4. உங்களுக்கு 6.67 என்றோ 80 என்றோ வந்தால் போட்டோவை இன்னொரு தரம் பாருங்கள். இது நிரூபணம் அல்ல, சந்தேகப்படுவதற்கான காரணம் மட்டுமே.

தலைப்பு வரியில் சின்ன எழுத்தில் ‘லட்சத்தில்’, ‘கோடியில்’ என்று அலகு போட்டிருப்பார்கள். போட்டோ எடுப்பவர் அட்டவணையை மட்டும் கட்டம் கட்டி எடுக்கும்போது முதலில் வெட்டுப்படுவது அந்த வரிதான். அலகு தெரியாவிட்டாலும் கணக்கின் போக்கு மாறாது. விடையில் அட்டவணையின் அலகையே எழுதுகிறோம் என்று ஒரு வரி குறித்துவிட்டுத் தொடரலாம்.

தேவையான இருப்பும் மிகை இருப்பும்

தேவையான இருப்பு என்பது வைப்பின்மீது கணக்கிடப்படுவது. 8,00,000-இல் 12.5% என்றால் 1,00,000. அட்டவணையின் அடியில் தடித்த எழுத்தில் 9,00,000 என்று இருப்பதால் கண் அங்கே போய், 1,12,500 என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிற பிழை. பங்கு முதல் வங்கி உரிமையாளர்களின் பணம். அதை யாரும் காசோலை எழுதி எடுக்கப் போவதில்லை, அதற்கு இருப்பு வைக்க வேண்டியதும் இல்லை.

கையில் உள்ள இருப்பு 1,40,000. தேவை 1,00,000. மிகை இருப்பு 40,000. அரசுப் பத்திரங்களை இருப்போடு சேர்க்கலாமா என்ற கேள்வி இங்கே எழும். தாளில் ‘ரொக்க இருப்பு விகிதம்’ என்று இருந்தால் சேர்க்கக் கூடாது. ‘நீர்மை விகிதம்’ என்றால் விஷயமே வேறு, அதற்குப் பிறகு வருகிறோம்.

இந்த வங்கி எவ்வளவு கடன் தரலாம்?

விடை 40,000. பெருக்கி 8 என்று தெரிந்தவுடன் 40,000-ஐ 8-ஆல் பெருக்கி 3,20,000 என்று எழுதக் கை துறுதுறுக்கும். ஏன் கூடாது என்பதை ஒரு கடனைப் பின்தொடர்ந்து பார்த்தால் புரிந்துவிடும்.

வங்கி ஒருவருக்கு 40,000 கடன் தருகிறது. பெட்டியிலிருந்து நோட்டை எடுத்து நீட்டுவதில்லை. கடன் வாங்கியவரின் கணக்கில் 40,000 வரவு வைக்கிறது. அந்த நொடியில் சொத்துப் பக்கம் கடன்கள் 6,40,000 ஆகின்றன, பொறுப்புப் பக்கம் வைப்புகள் 8,40,000 ஆகின்றன. ரொக்க இருப்பு அதே 1,40,000. புதுப் பணம் பிறந்தது இந்தப் பதிவில்தான். பிறகு அவர் அந்தத் தொகைக்குச் சரக்கு வாங்கிக் காசோலை கொடுக்கிறார். கடைக்காரருக்குக் கணக்கு வேறொரு வங்கியில். காசோலை தீர்வாகும்போது நம் வங்கியின் இருப்பு 40,000 குறைந்து 1,00,000 ஆகிறது, வைப்பு மீண்டும் 8,00,000 ஆகிறது. 8,00,000-க்குத் தேவை 1,00,000, கையில் இருப்பதும் 1,00,000. எல்லை இதுதான்.

3,20,000 கடன் கொடுத்திருந்தால்? அத்தனை காசோலையும் வெளி வங்கிக்குப் போயிருக்கும். 1,40,000 இருப்பை வைத்துக்கொண்டு 3,20,000-க்குப் பட்டுவாடா செய்ய முடியாது. தனி வங்கிக்கு மிகை இருப்புதான் வரம்பு, பெருக்கி வேலை செய்வது எல்லா வங்கிகளும் சேர்ந்த அமைப்பில்.

சில தாள்களில் ‘கடன் தந்தவுடன் இருப்புநிலைக் குறிப்பை வரைக’ என்றும், சிலவற்றில் ‘காசோலை தீர்வான பிறகு வரைக’ என்றும் இருக்கும். முதலாவதில் மொத்தம் 9,40,000, இரண்டாவதில் 9,00,000. கேள்வி எந்தக் கட்டத்தில் நிறுத்தச் சொல்கிறது என்று பார்த்துவிட்டு வரையுங்கள்.

தமிழ்வழித் தாள்களில் மட்டும் உள்ள ஒரு கண்ணி இங்கே இருக்கிறது. ‘ஒரு வங்கி’ என்பதும் ‘ஒரே வங்கி’ என்பதும் ஒரு கொம்பு வித்தியாசம். ‘நாட்டில் ஒரே வங்கிதான் உள்ளது எனில்’ என்று கேட்டிருந்தால், காசோலை எங்கே சுற்றினாலும் அதே வங்கிக்குத் திரும்பி வரும், இருப்பு வெளியேறாது. அப்போது அந்த வங்கியே 3,20,000 கடன் தரலாம். வைப்பு 11,20,000 ஆகும், அதில் 12.5% சரியாக 1,40,000. மங்கலான போட்டோவில் ரகரத்துக்கு முன் கொம்பு இருக்கிறதா, பின்னால் உகரச் சுழி இருக்கிறதா என்பதை வைத்து விடை எட்டு மடங்கு மாறுகிறது. அச்சுப் பிழைகள் பொருளாதாரக் கொள்கையாகிவிடும் அபூர்வமான இடம் இது.

பெருக்கி எங்கிருந்து வருகிறது: சுற்று அட்டவணை

அடுத்த கேள்வி: வாடிக்கையாளர் ஒருவர் வீட்டில் வைத்திருந்த 20,000 ரூபாய் ரொக்கத்தை வங்கியில் செலுத்துகிறார். வங்கி அமைப்பில் மொத்தம் எவ்வளவு வைப்பு உருவாகும்? கட்டங்களை நிரப்பச் சொல்லி ஓர் அட்டவணை இருக்கும்.

| சுற்று | வைப்பு | இருப்பு 12.5% | கடன் |
|---|---|---|---|
| 1 | 20,000.00 | 2,500.00 | 17,500.00 |
| 2 | 17,500.00 | 2,187.50 | 15,312.50 |
| 3 | 15,312.50 | 1,914.06 | 13,398.44 |
| … | … | … | … |
| மொத்தம் | 1,60,000 | 20,000 | 1,40,000 |

ஒவ்வொரு வரியின் கடனும் அடுத்த வரியின் வைப்பாகிறது. முதல் வங்கியில் கடன் வாங்கியவர் செலவழித்த 17,500 இரண்டாம் வங்கியில் வந்து விழுகிறது, அங்கே 12.5% பிடித்துக்கொண்டு மீதி கடனாகிறது. ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் 87.5%. இப்படிச் சுருங்கிக்கொண்டே போகும் தொடரின் கூட்டுத்தொகை 20,000-ஐ 0.125-ஆல் வகுப்பதற்குச் சமம், அதாவது 1,60,000. பெருக்கி 8 என்பது இந்தத் தொடரின் சுருக்கெழுத்துதான்.

அட்டவணையில் புள்ளிகள் இட்ட நான்காவது வரியைக் கவனியுங்கள். போட்டோவில் முதலில் அழிவது அதுதான். அது தெரியாமல் போனால் மூன்றாம் சுற்றுக்கு அடுத்து நேராக ‘மொத்தம்’ என்று நிற்கும், மூன்று வரியையும் கூட்டி 52,812.50 என்று எழுதத் தோன்றும். இரண்டு வரிகளுக்கு நடுவில் மற்ற இடங்களைவிடக் கூடுதல் இடைவெளி இருந்தால் அங்கே புள்ளி வரி இருந்திருக்கலாம். ‘முதல் மூன்று சுற்றுகளில்’ என்று வெளிப்படையாகக் கேட்டிருந்தால் மட்டும் 52,812.50 சரி.

கடைசி வரியின் நடுவில் உள்ள 20,000-ஐச் சற்று நின்று பாருங்கள். முதலில் உள்ளே வந்த ரொக்கம் முழுவதும் கடைசியில் பல வங்கிகளின் தேவையான இருப்பாகச் சிதறி உறைந்துவிடுகிறது. மிகை இருப்பு எங்குமே மீதி இல்லாதபோதுதான் பெருக்கம் நிற்கிறது. உங்கள் விடை சரியா என்று பார்க்க இதைவிட விரைவான சோதனை வேறில்லை: இருப்பு நிரலின் மொத்தம் முதல் வைப்புக்குச் சமமா?

கேள்வியின் பெயர்ச்சொல்லைத் தேடுங்கள்

இதே 20,000-க்கு இனி நான்கு கேள்விகள். பெரும்பாலான மதிப்பெண் இழப்பு இங்கேதான்.

‘ரொக்கம் செலுத்தப்பட்ட உடனே பண அளிப்பு எவ்வளவு மாறும்?’ சுழியம். பண அளிப்பு என்பது மக்கள் கையிலுள்ள ரொக்கமும் வங்கி வைப்பும் சேர்ந்தது. வாடிக்கையாளர் கையில் 20,000 குறைந்தது, வைப்பில் 20,000 கூடியது. வங்கிப் பெட்டிக்குள் போன நோட்டு பண அளிப்பில் சேராது. உருவம் மாறியதே தவிர அளவு மாறவில்லை.

‘இந்த வைப்பால் அந்த வங்கி கூடுதலாக எவ்வளவு கடன் தரலாம்?’ 17,500. ஆனால் ‘இந்த வைப்புக்குப் பிறகு அந்த வங்கி எவ்வளவு கடன் தரலாம்?’ என்றால் பழைய மிகை இருப்பு 40,000-ஐயும் சேர்த்து 57,500. ‘வைப்பால்’, ‘வைப்புக்குப் பிறகு’ என்ற இரண்டுக்கும் நடுவே 40,000 ரூபாய் இருக்கிறது. பின்னதைச் சரிபார்க்க: இருப்பு 1,60,000, வைப்பு 8,20,000, தேவை 1,02,500, மிகை 57,500.

‘வங்கி அமைப்பு மொத்தமாக எவ்வளவு கடன் உருவாக்கும்?’ 1,40,000. மிகை இருப்பு 17,500-ஐ 8-ஆல் பெருக்கினாலும் இதே விடை, 1,60,000-இலிருந்து முதல் வைப்பு 20,000-ஐக் கழித்தாலும் இதே விடை.

‘மொத்த வைப்பு எவ்வளவு உயரும்?’ 1,60,000. இதில் 20,000 முதன்மை வைப்பு, 1,40,000 கடனிலிருந்து பிறந்த வழி வைப்பு.

அப்படியானால் ‘பண அளிப்பின் அதிகபட்ச உயர்வு’ என்று கேட்டால்? 1,40,000. வைப்பு 1,60,000 உயர்ந்தது உண்மை, ஆனால் மக்கள் கையிலிருந்த 20,000 ரொக்கம் உள்ளே போய்விட்டதே, அதைக் கழித்தாக வேண்டும். பல விடைக்குறிப்புகளில் 1,60,000 என்றே இருக்கும். அவை ‘பண உருவாக்கம்’ என்ற சொல்லை மொத்த வைப்பு என்ற பொருளில் கையாள்கின்றன. உங்கள் பாடநூல் எந்த வழக்கத்தில் எழுதுகிறதோ அதையே தேர்வில் எழுதுங்கள், கீழே ‘முதன்மை வைப்பு 20,000 உட்பட’ என்று மூன்று சொல் சேர்த்துவிட்டால் திருத்துபவருக்கும் சந்தேகம் வராது.

இப்போது 20,000 வந்த வழியை மட்டும் மாற்றுவோம். ரிசர்வ் வங்கி வெளிச்சந்தை நடவடிக்கையாக ஒருவரிடமிருந்து 20,000 ரூபாய்க்குப் பத்திரம் வாங்குகிறது, அவர் அந்தத் தொகையை வங்கியில் போடுகிறார். இங்கே மக்கள் கையிலிருந்த ரொக்கம் எதுவும் குறையவில்லை, 20,000 புதிதாக வந்தது. ஆகவே பண அளிப்பு உடனே 20,000 உயரும், கடன் வழியாக மேலும் 1,40,000, ஆக மொத்தம் 1,60,000. பத்திரத்தை நேரடியாக வங்கியிடமே வாங்கினால்? வைப்பு மாறாது, தேவையான இருப்பும் மாறாது, வந்த 20,000 முழுவதும் மிகை இருப்பு. அதை 8-ஆல் பெருக்க, மறுபடியும் 1,60,000. வேறு பாதையில் போய் அதே எண்ணில் முடிகிறது. வாங்குவதற்குப் பதில் விற்றால் இதே எண்களுக்கு முன் கழித்தல் குறி போடுங்கள்.

விகிதம் மாறினால்

‘விகிதம் 10% ஆகக் குறைக்கப்பட்டால் அமைப்பில் எவ்வளவு வைப்பு கூடும்?’ என்று பழைய அட்டவணைக்கே கேட்பார்கள். இங்கே இரண்டு எண்கள் ஒரே நேரத்தில் மாறுகின்றன, ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை மறப்பதுதான் வழக்கமான சறுக்கல். தேவையான இருப்பு 80,000 ஆகக் குறைகிறது, மிகை இருப்பு 60,000 ஆகிறது. பெருக்கியும் 8-லிருந்து 10 ஆகிறது. விடை 6,00,000. பழைய மிகை இருப்பை வைத்து 40,000 × 10 = 4,00,000 என்றோ, பழைய பெருக்கியை வைத்து 60,000 × 8 = 4,80,000 என்றோ எழுதினால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது.

இந்த வகைக் கணக்குக்குச் சுற்றிவளைக்காத வழி ஒன்று உண்டு. மொத்த இருப்பை விகிதத்தால் வகுத்தால் அமைப்பு தாங்கக்கூடிய அதிகபட்ச வைப்பு கிடைக்கும். 1,40,000 ÷ 0.10 = 14,00,000. இப்போதுள்ள 8,00,000-ஐக் கழித்தால் 6,00,000. மிகை இருப்பு என்ற படியே தேவையில்லை. மேலே போட்ட எல்லாக் கணக்குகளையும் இதை வைத்துச் சரிபார்க்கலாம்: 12.5%-க்கு 11,20,000, கழித்தால் 3,20,000.

விகிதம் 20% ஆக உயர்ந்தால் எதிர்த்திசை. தேவை 1,60,000, கையில் 1,40,000, பற்றாக்குறை 20,000. பெருக்கி 5. வைப்பு 1,00,000 சுருங்க வேண்டும். 1,40,000 ÷ 0.20 = 7,00,000 என்பதும் அதையே சொல்கிறது.

இரண்டு விகிதங்கள் தரப்பட்டால்

இந்தியத் தாள்களில் ரொக்க இருப்பு விகிதம் சி.ஆர்.ஆர். என்றும், மேலே சொன்ன நீர்மை விகிதம் எஸ்.எல்.ஆர். என்றும் சுருக்கமாக இருக்கும். ‘சி.ஆர்.ஆர். 5%, எஸ்.எல்.ஆர். 15%, முதன்மை வைப்பு 1,000 கோடி’ என்று வரும். பள்ளிப் பாட வழக்கில் இரண்டையும் கூட்டிச் சட்டப்படியான இருப்பு விகிதம் 20% என்று கொண்டு, பெருக்கி 5, மொத்த வைப்பு 5,000 கோடி, கடன் 4,000 கோடி என்று எழுத வேண்டும். சி.ஆர்.ஆர். மட்டும் தரப்பட்டிருந்தால் அதை மட்டும் கொண்டு வகுக்க வேண்டும்.

கூட்டுவது தேர்வுக்குச் சரி, பொருளியலாக அவ்வளவு உறுதியானதல்ல. சி.ஆர்.ஆர். தொகை ரிசர்வ் வங்கியில் ரொக்கமாகப் போய் முடங்குகிறது, அதற்கு வட்டியும் கிடையாது. எஸ்.எல்.ஆர். தொகையைப் பெரும்பாலும் அரசுப் பத்திரமாக வைக்கிறார்கள். பத்திரம் வாங்கக் கொடுத்த பணத்தை அரசு சம்பளமாகவும் ஒப்பந்தத் தொகையாகவும் செலவழிக்கிறது, அது மறுபடி யாரோ ஒருவரின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. தனியார் கடனுக்கான இடம் குறைகிறதே ஒழிய, வைப்புப் பெருக்கம் அந்த அளவுக்குத் தடைபடுவதில்லை. கல்லூரித் தாளில் ‘விளக்குக’ என்று கேட்டால் இந்த வேறுபாட்டை எழுதலாம். ஒரு மதிப்பெண் கேள்வியில் எழுதி வீணாக்க வேண்டாம்.

மக்கள் கையில் கொஞ்சம் தங்கினால்

இதுவரை கடன் வாங்கிய ஒவ்வொரு ரூபாயும் வங்கிக்கே திரும்பும் என்று வைத்துக்கொண்டோம். உயர்நிலைத் தாள்கள் இந்த இடத்தில் ரொக்கம்-வைப்பு விகிதம் என்று இன்னொன்றைச் சேர்க்கும். மக்கள் 100 ரூபாய் வைப்புக்கு 12.50 ரூபாயைக் கையில் ரொக்கமாக வைத்துக்கொள்கிறார்கள் என்று கொள்வோம். இப்போது வாய்பாடு:

பணப் பெருக்கி = (1 + ரொக்க விகிதம்) ÷ (ரொக்க விகிதம் + இருப்பு விகிதம்)

1.125 ÷ 0.25 = 4.5. எட்டாக இருந்தது ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. ரிசர்வ் வங்கி 20,000 புதிதாக உள்ளே விட்டால் பண அளிப்பு 90,000 உயரும். இதைப் பிரித்துப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும்: வைப்பு 80,000, மக்கள் கையில் ரொக்கம் 10,000. வைப்புக்கு இருப்பு 12.5% அதாவது 10,000. ரொக்கம் 10,000-ம் இருப்பு 10,000-ம் சேர்ந்தால் முதலில் விட்ட 20,000.

மேலே 1 + ரொக்க விகிதம் என்பதை விட்டுவிட்டு வெறும் 1 போட்டால் 4 வரும். அது வைப்புப் பெருக்கி, 80,000 வைப்பை மட்டும் சொல்லும். இன்னொரு கண்ணி: ‘மக்கள் தம் பணத்தில் 20% ரொக்கமாக வைக்கிறார்கள்’ என்று இருந்தால் அந்த 20% வைப்பின் மீதானதல்ல, மொத்தப் பணத்தின் மீதானது. 20 ரொக்கத்துக்கு 80 வைப்பு, ஆகவே வாய்பாட்டில் போட வேண்டியது 0.25.

‘கடன் உருவாக்கத்தின் வரம்புகள்’ கேள்வி

தாளின் கடைசியில் ஐந்து மதிப்பெண்ணுக்கு இது காத்திருக்கும். மக்கள் ரொக்கமாக வைத்துக்கொள்வது, வங்கிகள் கட்டாயத்துக்கு மேல் இருப்பு வைப்பது, நம்பிக்கையான கடனாளிகள் கிடைக்காதது ஆகிய மூன்றையும் மேலே போட்ட கணக்கோடு இணைத்து எழுதினாலே போதும். முதலாவது பெருக்கியை 8-லிருந்து 4.5 ஆக்கியதைக் காட்டிவிட்டோம். இரண்டாவதும் அதே வேலையைத்தான் செய்யும்: வங்கிகள் தாமாக இன்னொரு 7.5% வைத்துக்கொண்டால் விகிதம் நடைமுறையில் 20%, பெருக்கி 5.

நடப்பு விவரம் சேர்க்க விரும்பினால் இந்தியாவின் சி.ஆர்.ஆர். நல்ல எடுத்துக்காட்டு. 2022 மே மாதம் 4.5% ஆக உயர்த்தப்பட்டது, 2024 டிசம்பரில் இரண்டு தவணைகளாக 4% ஆகக் குறைக்கப்பட்டது, 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டபடி அந்த ஆண்டு செப்டம்பர் முதல் நவம்பர் வரை நான்கு தவணைகளில் 3% ஆக இறக்கப்பட்டது. வாய்பாட்டை அப்படியே நம்பினால் பெருக்கி 22-லிருந்து 33 ஆகியிருக்க வேண்டும், அதாவது பணம் ஒன்றரை மடங்கு ஆகியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. அமெரிக்க மத்திய வங்கி 2020 மார்ச் 26 முதல் கட்டாய இருப்பு விகிதத்தைச் சுழியமாகவே ஆக்கிவிட்டது. 1-ஐச் சுழியத்தால் வகுக்கவே முடியாது, ஆனாலும் அங்கே பணம் எல்லையில்லாமல் பெருகிவிடவில்லை.

காரணம், வங்கி முதலில் இருப்பை எண்ணிப் பார்த்துவிட்டுக் கடன் தருவதில்லை. திருப்பிக் கட்டக்கூடியவர் வந்து, வட்டி கட்டுப்படியானால் கடன் தருகிறது, அந்தப் பதிவிலேயே வைப்பு பிறக்கிறது. தேவைப்படும் இருப்பைப் பிறகு மற்ற வங்கிகளிடமோ மத்திய வங்கியிடமோ கடனாகத் திரட்டிக்கொள்கிறது. பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி 2014-இல் தன் காலாண்டு இதழில் இதை வெளிப்படையாகவே எழுதியது. பெருக்கி தருவது உச்ச வரம்பு, நடக்கப்போகும் அளவு அல்ல. விடைத்தாளில் ‘அதிகபட்சம்’ என்ற ஒரு சொல்லை 3,20,000-க்கு முன்னால் எழுதினால் இந்தப் பத்தி முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.